உற்பத்தி வரிசையின் தடை எந்த நிலையம்?

“மணிக்கு வெட்டு 60, துளையிடல் 50, வெல்டிங் 45, பெயின்ட் 40 என்பது இயந்திரத் திறன். ஆனால் 32 தான் வெளிவருகிறது; வெல்டிங் முன் சரக்கு குவிகிறது, பெயின்ட் காத்திருக்கிறது. தடை எது?”

தடை வெல்டிங்கில்தான் இருக்க வேண்டும். நீங்கள் தந்துள்ளவை இயந்திரம் நிற்காமல் ஓடும்போது கிடைக்கும் வேகங்கள். தடையைத் தீர்மானிப்பது, நிறுத்தங்களையும் மறுவேலையையும் கழித்தபின் மிஞ்சும் நல்ல துண்டுகளின் எண்ணிக்கை.

துண்டைப் பிடித்து வைக்கும் சட்டகத்தை மாற்றுவதில் நேரம் போவதும், குறையுள்ள வெல்டிங் இணைப்புகள் திரும்பி வருவதுமே காரணமாக இருக்கலாம். வெல்டிங் 80 சதவீத நேரமே ஓடி, அதிலும் பத்தில் ஒரு பங்கு மறுவேலைக்குச் சென்றால், 45 × 0.8 × 0.9 = 32.4. உங்கள் எண்ணோடு இது ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

இதைச் சரிபார்க்க:

1. ஒரு முழு ஷிஃப்டில் வெல்டிங் நிற்கும் ஒவ்வொரு முறையும், துண்டு வராததாலா, அடுத்த நிலையம் ஏற்காததாலா, தன் சொந்தக் காரணத்தாலா என்று நிமிடங்களுடன் குறியுங்கள். மூன்றாவது மிகுந்திருந்தால் ஐயம் பெருமளவு தீரும்.

2. பிறகு உணவு இடைவேளையில் மாற்று ஆளை வைத்து வெல்டிங்கை மட்டும் ஓட்டுங்கள். அன்றைய இறுதி உற்பத்தி உயர்ந்தால் அதுவே உறுதியான சான்று. வெட்டுப் பிரிவை அப்படி ஓட்டினால் குவியல்தான் வளரும்.

குவியலை மட்டும் நம்பிவிடாதீர்கள்: வெட்டுப் பிரிவு பெருந்தொகுதிகளாக அனுப்பினாலும் அப்படிக் குவியும். வெல்டிங் 40ஐ நெருங்கும்போது தடை பெயின்டுக்கு நகரக்கூடும் என்பதால், அப்போது மீண்டும் அளக்க வேண்டும்.