நரம்பும் அதன் நிழலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா நாகஸ்வரக் கலைஞர். வருகிற தை மாதம் அவருக்குச் சதாபிஷேகம். கோயில் மண்டபத்தில் அவர் வாசித்து முடித்த கையோடு நான் எடுத்த படத்தை (இணைத்திருக்கிறேன்) பெரிதாக்கி மாட்ட நினைக்கிறோம். நெற்றிப்பொட்டு நரம்பும் கழுத்து நரம்பும் மிகவும் புடைத்துத் தெரிகின்றன. பார்ப்பவர்கள், “உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்கிறார்கள். போட்டோஷாப்பில் Healing Brush வைத்து அழித்தால் முகம் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. எத்தனை சதவீதம் குறைத்தால் இயல்பாக இருக்கும்? இதற்காகப் பேனாவால் வரையும் டேப்லெட் வாங்க வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

டேப்லெட் வேண்டாம். மவுஸே போதும், நிதானம் இருந்தால்.

உங்கள் கடிதம் வந்த வாரம், என் மாமாவின் ஸ்டூடியோவிலிருந்து மிஞ்சிய நெகட்டிவ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடி ஒன்றால் சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் அவர் ‘டச்சிங்’ செய்வதைப் பள்ளிவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நெகட்டிவில், நிழல் விழுந்த இடம் தெளிவாகக் கண்ணாடிபோல் இருக்கும். அதில் பென்சில் கரி ஏற ஏற, அச்சில் அந்த இடம் வெளுக்கும். ஆகவே பென்சிலால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: நிழலைத் தணிப்பது. வெளிச்சக் கோட்டைத் தணிக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும். கை தவறினால் படம் போய்விடும் என்பதால் மாமா அதை அநேகமாகச் செய்யவே மாட்டார். “நரம்பை எடுக்காதே, நரம்போட நிழலை எடு” என்பார். அவர் தொட்ட முகங்களில் மேடுகள் மேடுகளாகவே நின்றதற்கு அந்தக் கருவியின் குறைபாடும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

உங்களிடம் குறைபாடில்லாத கருவி இருக்கிறது, தொல்லையே அதுதான். Healing Brush கோட்டை மட்டும் அழிப்பதில்லை. பக்கத்துத் தோலின் நயத்தைக் கொண்டுவந்து ஒட்டி, சுற்றியுள்ள நிறத்தோடு அதைக் கலந்துவிடுகிறது. வயதானவர்களுக்கு நெற்றிப்பொட்டில் சதை வற்றிக் குழி விழும். புருவ எலும்பின் விளிம்பிலிருந்து காதுமுடி வரை வெளிச்சம் மெல்ல இறங்கி மறுபடி ஏறும். அந்தக் குழியின் குறுக்கேதான் நரம்பு வளைந்து ஓடுகிறது. நரம்பை ஒட்டி மறைத்தபோது குழியின் சரிவையும் சேர்த்துச் சமமாக்கிவிட்டீர்கள். பொம்மை முகம் வந்தது அங்கேதான்.

இன்னொன்றையும் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கடிதத்தில் இரண்டையும் ‘நரம்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எல்லோரும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் படத்தைத் திருத்தும் கைக்கு அந்தச் சொல் போதாது. நெற்றிப்பொட்டில் இருப்பது இரத்தக்குழாய். நாகஸ்வரத்தில் மூச்சை அழுத்தி ஊதும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, தலையிலிருந்து இறங்க வேண்டிய இரத்தம் தேங்குவதால் அது வீங்குகிறது. சற்று ஓய்ந்திருந்தால் வடிந்துவிடும். வாயிலிருந்து சீவாளியை எடுத்த நிமிடத்தில் கேமராவைத் தூக்கினால் வேறென்ன தெரியும்? பத்து நிமிடம் உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கக் கூடாதா? கழுத்தில் இருப்பதோ தசையும் தசைநாணும். காதின் பின்னெலும்பிலிருந்து நெஞ்செலும்பின் உச்சிக்கு இறங்கும் அந்தத் தசை, தலையை இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கத்தில் எழும். உங்கள் அப்பா உங்களைப் பார்க்கத் தலையை இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். அதனால்தான் வலது கழுத்தில் கயிறுபோல் நிற்கிறது.

முதலில் குழாய். படத்தில் வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வருகிறது. ஆகவே அது ஒரு கோடாக இல்லை, இரண்டு கோடுகளாக இருக்கிறது: இடப்பக்கம் மெல்லிய வெளிச்சக் கோடு, வலப்பக்கம் நிழல் கோடு. இவ்விரண்டின் வேறுபாடுதான் கண்ணுக்குப் ‘புடைப்பு’. அந்த வேறுபாட்டைக் குறைத்தால் போதும், கோடுகளை அழிக்க வேண்டியதில்லை. ஒரு Curves லேயரில் வளைகோட்டை நடுவில் சற்றே உயர்த்தி, அந்த லேயரின் மாஸ்க்கைக் கறுப்பாக்குங்கள். இன்னொரு Curves லேயரில் வளைகோட்டைச் சற்றே தாழ்த்தி, அதன் மாஸ்க்கையும் அப்படியே கறுப்பாக்குங்கள். நிழல் கோட்டைவிட அகலமில்லாத மென்மையான பிரஷ்ஷில், Flow 2 சதவீதம் வைத்து, உயர்த்திய லேயரின் மாஸ்க்கில் வெள்ளையால் நிழல் கோட்டை மட்டும் தடவுங்கள். பத்து இருபது தடவைக்குப் பின்தான் மாற்றம் தெரியும். தெரியவில்லையே என்று Flow-வை ஏற்றுவது எல்லோரும் செய்கிற தவறு. நிழல் பாதி தணிந்ததும் நிறுத்தி, படத்தைத் திரையளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு வேலை முடிந்திருக்கும். வெளிச்சக் கோடு இன்னும் உறுத்தினால் மட்டும் தாழ்த்திய லேயருக்குப் போங்கள். அதிலும் மிகச் சிறிதே தடவுங்கள். புருவ ஓரத்தில் தொடங்கி முடிக்குள் மறையும் வரை ஒரே அளவாகத் தணிக்க வேண்டும். நடுவில் மட்டும் தணித்தால் குழாய் அறுந்ததுபோல் இருக்கும். பார்ப்பவர்கள் அங்கேயே நிற்பார்கள். நிழலைத் தணித்த இடம் சாம்பல் பூத்ததுபோலானால், மேலே Color கலப்பில் ஒரு வெற்று லேயர் போட்டு, பக்கத்துத் தோல்நிறத்தை 10 சதவீத அளவில் பூசுங்கள்.

கழுத்துக்கு வேறு கணக்கு. பெரிய தசையைத் தொடாதீர்கள். தலை கழுத்தின் மேல் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. காறை எலும்பை நெருங்கும் இடத்தில் தசைநாணின் விளிம்பு கூராக இருக்கிறதே, அந்தக் கூர்மையை மட்டும் மழுக்குங்கள். தாடையிலிருந்து செங்குத்தாக இறங்கும் மெல்லிய பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களின் இருட்டைப் பாதியாக்கலாம். தொண்டைக்குழியின் இருட்டு அப்படியே இருக்கட்டும். தாடைக்குக் கீழுள்ள நிழலைவிட எந்தப் பள்ளமும் வெளுத்துவிடக் கூடாது. வெளுத்தால் கழுத்து முன்னே வந்து, தலை தூணில் வைத்ததுபோலாகிவிடும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாமா ஊரில் இல்லாத ஒருநாள், இறந்துபோன ஒருவரின் படத்தை நானே டச்சிங் செய்தேன். பென்சிலோடு நிற்காமல் கத்தியையும் எடுத்து, நெற்றிப்பொட்டையும் கழுத்தையும் வழவழப்பாக்கிவிட்டேன். அச்சை வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது அவரோட தம்பி மாதிரி இருக்குப்பா” என்றார். பணத்தையும் முழுதாகக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா வந்து வேறு நெகட்டிவ் ஒன்றிலிருந்து மறுபடி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் கேட்ட சதவீதத்தைச் சொல்லாமலே போகப் பார்த்தேன். இந்த லேயர்களையெல்லாம் ஒரு குழுவில் போட்டு, இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் திறங்கள். முந்தின இரவின் கண் எப்போதும் கூடுதலாகத் திருத்தியிருக்கும். குழுவின் Opacity-ஐ 70 சதவீதத்துக்கு இறக்கி, ஒரு சிறிய அச்சு எடுத்து, எதைத் திருத்தினீர்கள் என்று சொல்லாமல் அம்மாவிடம் காட்டுங்கள். அவர் ஒன்றும் கேட்காமல், எந்தச் சுவரில் மாட்டுவது என்று பேச ஆரம்பித்தால் பெரிய அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.