வடக்கு ரௌட்டர் நின்றுபோனால்: மெய்நிகர் சுற்றும் டேட்டாகிராமும், கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தேர்வுக்குப் படிக்கிறேன். மெய்நிகர் சுற்று, டேட்டாகிராம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு பட்டியலாகத் தர முடியுமா?

பதில்: பட்டியல் உங்கள் பாடநூலிலேயே இருக்கும். இரண்டும் பாக்கெட்டுகளை வலை வழியே கொண்டுசெல்லும் முறைகள். நான் ஒரு சின்ன வலையை வரைந்து தருகிறேன். இன்று முழுவதும் அதிலேயே பேசுவோம்.

நான்கு ரௌட்டர்கள்: மேற்கு, வடக்கு, தெற்கு, கிழக்கு. அனுப்புபவர் மேற்கில், பெறுபவர் கிழக்கில். மேற்கிலிருந்து வடக்குக்குச் செலவு 1, வடக்கிலிருந்து கிழக்குக்கு 1. தெற்கு வழியும் உண்டு: மேற்கு–தெற்கு 1, தெற்கு–கிழக்கு 5. ஆகவே எல்லோரும் வடக்கு வழியாகவே போவார்கள்.

மெய்நிகர் சுற்றில், தரவு புறப்படும் முன் ஓர் அழைப்புப் பாக்கெட் போகும். பெறுபவரின் முழு முகவரியும் அதில்தான் இருக்கும். அது கடக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் தன் நினைவில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். 'ஏற்றேன்' என்ற பதில் திரும்பி வந்த பிறகே தரவு கிளம்பும். அதன்பின் பாக்கெட்டில் முகவரி கிடையாது, ஒரு சிறிய எண் மட்டுமே. வடக்கின் நினைவு இப்படி இருக்கலாம்:

```
உள்வாசல்  எண்   வெளிவாசல்  எண்
1         22    3          7
1         23    3          9
2         22    3          11
```

22 இரண்டு முறை வருகிறதே என்று பதற வேண்டாம். எண்ணுக்கு அந்த ஒரு லிங்கில் மட்டுமே பொருள். வாசல் 1இல் 22 என்று வருவது வாசல் 3இல் 7 என்று வெளியேறும். உலகம் முழுவதற்கும் பொதுவான எண் தேவையில்லை என்பதால்தான் சுற்று முறையில் இயங்கும் எக்ஸ்.25 வலையில் 12 பிட்டும், எம்பிஎல்எஸ் வலையில் லேபிள் எனப்படும் எண்ணுக்கு 20 பிட்டும் போதுமாயின.

டேட்டாகிராமில் இந்த வரிகள் எதுவும் இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் முழு முகவரியைச் சுமந்து போகிறது. வடக்கின் அட்டவணையில் 'இந்த முகவரித் தொகுதிக்குக் கிழக்குப் பக்கம்' என்று ஒரே ஒரு வரி. அதன் வழியே 50,000 உரையாடல்கள் போனாலும் அதே ஒரு வரிதான்.

கேள்வி: டிசிபி இணைப்பை ஏற்படுத்துகிறது. அப்படியானால் இணையம் மெய்நிகர் சுற்றுதானே?

பதில்: எந்த அடுக்கில்? 'இணைப்பு' என்று சொல்லும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிசிபியின் நினைவு இரண்டு முனைக் கணினிகளில் இருக்கிறது. வடக்கு ரௌட்டருக்கு அந்த இணைப்பு இருப்பதே தெரியாது.

கேள்வி: வடக்கு ரௌட்டர் நின்றுபோனால் மெய்நிகர் சுற்றில் இருந்த தரவு தொலையும், டேட்டாகிராமில் எதுவும் தொலையாது என்று வகுப்பில் சொன்னார்கள். சரியா?

பதில்: பாதி சரி. வடக்கின் வரிசையில் காத்திருந்த பாக்கெட்டுகள் இரண்டு முறையிலும் தொலையும். நின்ற பெட்டிக்குள் கிடந்ததை மீட்க யாராலும் முடியாது.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. மெய்நிகர் சுற்றில் வடக்கு எழுதிவைத்திருந்த எல்லா வரிகளும் அழிந்தன. மேற்கு அதைக் கண்டுபிடித்து, வடக்கு வழியே போன ஒவ்வொரு சுற்றுக்கும் அனுப்புபவருக்கு 'அறுந்தது' என்று சொல்ல வேண்டும். மறுபுறம் கிழக்கும் அப்படியே. பிறகு ஒவ்வொருவரும் தெற்கு வழியே புதிதாக அழைக்க வேண்டும். 3,000 சுற்றுகள் அறுந்தன, தெற்கு நொடிக்கு 100 அழைப்புகளைக் கையாளும் என்று வைத்துக்கொண்டால், கடைசி ஆளுக்கு 30 நொடி. டேட்டாகிராமில் மேற்கு தன் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் 3,000 உரையாடல்களும் ஒரே நேரத்தில் திரும்பும்.

இன்னொன்று. எக்ஸ்.25இல் லிங்குக்கு லிங்க் ஒப்புகை உண்டு. ஆகவே நம்பகமானது என்பார்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று மேற்குக்கு வடக்கு ஒப்புகை அனுப்பிய மறுகணம் நின்றுபோனால் என்ன ஆகும்? மேற்கு தன் நகலை அழித்திருக்கும். கிழக்குக்கு எதுவும் போயிருக்காது. லிங்கில் கிடைக்கும் ஒப்புகை, பெறுபவர் கைக்குச் சேர்ந்ததற்குச் சான்று ஆகாது. முனைகள்தான் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: வடக்கு இரண்டே நொடியில் மீண்டும் எழுந்துவிட்டால்? பழைய சுற்று தொடருமா?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். எழுந்த வடக்கின் நினைவு வெறுமையாக இருக்கும். மேற்கு இன்னும் பழைய நினைப்பில் 22 என்று எழுதி அனுப்புகிறது. வடக்குக்குப் புரியவில்லை, எறிந்துவிடுகிறது. இது நல்ல முடிவு.

கெட்ட முடிவு: அதற்குள் யாரோ புதிதாக அழைத்து, வடக்கு அதே வாசலில் 22ஐ அவருக்குக் கொடுத்துவிட்டால்? மேற்கின் பழைய பாக்கெட்டுகள் அந்நியர் ஒருவரிடம் போய்ச் சேரும். பாக்கெட்டில் முகவரி இல்லாததால் வழியில் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் எக்ஸ்.25இல் ரீஸ்டார்ட் என்று ஒரு பாக்கெட்டே வைத்தார்கள். எழுந்தவுடன் முதல் வேலை அதை அனுப்புவது. அந்த லிங்கில் இருந்த அழைப்புகள் எல்லாம் இரு பக்கமும் துடைக்கப்படும். டேட்டாகிராமில் இந்த ஆபத்துக்கு இடமில்லை.

கேள்வி: டேட்டாகிராமில் உடனே வழி மாறும் என்கிறீர்கள். எங்கள் வலையில் ஒரு ரௌட்டர் தொங்கிப்போனபோது 40 நொடி எதுவுமே போகவில்லை.

பதில்: 'உடனே' என்று நான் சொல்லவில்லை, ஒரே நேரத்தில் என்றேன். அந்த 40 உங்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஓஎஸ்பிஎஃப் என்ற ரௌட்டிங் நெறிமுறை ஈதர்நெட்டில் 10 நொடிக்கு ஒரு முறை ஹலோ அனுப்பும். 40 நொடி ஹலோ வராவிட்டால்தான் அண்டை ரௌட்டர் இறந்ததாக முடிவு செய்யும். இயல்பாக வரும் எண்கள் இவை. கேபிள் அறுந்தால் வாசலே சொல்லிவிடும். ரௌட்டர் தொங்கிப்போய், நடுவில் ஸ்விட்ச் இருந்து, லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கண்டுபிடித்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. நம் படத்தைப் பாருங்கள். தெற்கிலிருந்து கிழக்குக்கு நேராகப் போனால் 5, மேற்கையும் வடக்கையும் சுற்றினால் 3. ஆகவே தெற்கின் அட்டவணையில் கிழக்குக்கான வழி மேற்குதான். வடக்கு நின்றதும் மேற்கு முதலில் கணக்கிட்டு, 'இனி தெற்கு வழி' என்று பாக்கெட்டைத் தெற்குக்கு அனுப்புகிறது. தெற்கு இன்னும் கணக்கை முடிக்கவில்லை. பழைய வரிப்படி மேற்குக்கே திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒன்று குறையும் டிடிஎல் எண் பாக்கெட்டில் தீரும்வரை இருவரும் பந்தாடுவார்கள். அந்த நேரத்தில் டிரேஸ்ரௌட் எடுத்தால் மேற்கு, தெற்கு, மேற்கு, தெற்கு என்று வரும். தெற்கு கணக்கை முடித்ததும் தானாகவே நிற்கும்.

கேள்வி: அப்படியானால் சுற்று முறையில் ரௌட்டிங் நெறிமுறையே தேவையில்லை, சரிதானே?

பதில்: அழைப்புப் பாக்கெட் எந்தப் பக்கம் போவது என்று யார் சொல்வது? அதற்கும் ரௌட்டிங் வேண்டும். வடக்கு நின்ற அந்தக் கணத்தில் புதிய அழைப்பும் மேற்குக்கும் தெற்குக்கும் இடையே சுழலலாம்.

கேள்வி: இணையம் டேட்டாகிராம் என்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் வெளியே போக இரண்டு பெட்டிகள். ஒன்று நின்றதும் மற்றொன்று ஏற்றுக்கொண்டது, ஆனால் திறந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்புகள் எல்லாம் உறைந்துவிட்டன. புதிதாகத் திறந்தால் உடனே வேலை செய்தது. இது எப்படி?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பழையதும் புதியதும் சேர்ந்து நின்று, சேர்ந்து எழுந்தால் அது ரௌட்டிங். பழையது மட்டும் செத்து, புதியது உடனே ஓடினால், நடுவில் எதுவோ ஒவ்வோர் உரையாடலையும் நினைவில் வைத்திருந்தது. உங்கள் பெட்டிகள் முகவரி மாற்றும் நாட் அல்லது ஃபயர்வால் வேலையும் பார்க்கின்றன. அந்த நினைவை இரண்டாவது பெட்டிக்கு நகலெடுக்கவில்லை. நகலெடுக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதை இயக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எதிர்க்கேள்வி: மடக்கிவிட்டேன் ஐயா. ஒவ்வோர் உரையாடலுக்கும் நடுவில் ஒரு வரி, பெட்டி செத்தால் உரையாடலும் சாகிறது. இது மெய்நிகர் சுற்றேதான். நீங்கள் சொல்லும் டேட்டாகிராம் வலை இன்று எங்கும் இல்லை.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். சாவது சுற்றைப் போலத்தான். பிறப்பது அப்படி அல்ல. சுற்றில் நீங்கள் அழைத்தீர்கள், ரௌட்டர் ஏற்றது. அறுந்தால் உங்களிடம் சொல்லும். நாட் பெட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அது போகிற பாக்கெட்டை எட்டிப் பார்த்து வரி எழுதுகிறது, தனக்குத் தோன்றும்போது அழிக்கிறது. பெரும்பாலும் எவருக்கும் சொல்வதில்லை. உங்கள் எஸ்எஸ்எச் அறுந்ததாக அறிவிக்காமல் உறைந்து நின்றது அதனால்தான். சுற்றின் பலவீனம் இருக்கிறது, அதன் நாணயம் இல்லை.

அதே நபர்: சொல்லாமல் அறுக்கும் சுற்றும் சுற்றுதான்.

பதில்: அலுவலக வாசலில் உங்கள் பேச்சு செல்லும். நாட் பெட்டிகளைத் தாண்டி நடு வலைக்குப் போனால் ஒரு ரௌட்டர் சாகும்போது உங்கள் எஸ்எஸ்எச் சற்றுத் திணறித் தொடரும். இதற்கு மேல் இருவரும் மாறப்போவதில்லை, அடுத்த கேள்வி.

கேள்வி: ரௌட்டர் நின்றால் எம்பிஎல்எஸ் ஃபாஸ்ட் ரீரௌட் சில பத்து மில்லிநொடிகளில் மாற்றுப் பாதைக்குத் திரும்புகிறது. ஐபியில் லூப்-ஃப்ரீ ஆல்டர்னேட் என்று முன்பே குறித்துவைக்கும் மாற்றுவழி இருந்தாலும் உங்கள் படத்தில் அது கிடைக்காது. இதில் சுற்று முறைதானே வெல்கிறது?

பதில்: கணக்குப் போட்டுவிட்டுக் கேட்கிறீர்கள், மகிழ்ச்சி. மற்றவர்களுக்காக: மேற்கு முன்கூட்டியே தெற்கை மாற்றுவழியாகக் குறித்துவைக்க வேண்டுமானால், தெற்கிலிருந்து கிழக்குக்கான தூரம், தெற்கிலிருந்து மேற்கு வந்து கிழக்குக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே 3 என்பது 1+2ஐவிடக் குறைவில்லை. எனவே தெற்கு தகுதி பெறாது. தெற்கு–கிழக்குச் செலவு 2 என்று இருந்தால் பெறும்.

எம்பிஎல்எஸ்ஸில் மேற்கு–தெற்கு–கிழக்கு என்று ஒரு லேபிள் பாதையை முன்பே கட்டிவைக்கலாம். தெற்கு ஐபி அட்டவணையைப் பார்க்காது, லேபிளைப் பார்க்கும்; திருப்பி அனுப்பாது. ஆம், இந்த இடத்தில் சுற்று வெல்கிறது. ஆனால் வென்றது மாற்றுச் சுற்றை முன்கூட்டியே கட்டியதால். அறுந்த பிறகு கட்டினால் மேலே சொன்ன 30 நொடிக் கதைதான். அந்த மாற்றுப் பாதைக்கான வரியைத் தெற்கு எப்போதும் சுமக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செக்மென்ட் ரௌட்டிங்கில் பாதை பாக்கெட்டிலேயே இருக்கிறது, நடு ரௌட்டரில் சுற்றுக்கான வரி இல்லை. அது எந்த வகை?

பதில்: அழைப்பு இல்லை, நடுவில் நினைவு இல்லை; டேட்டாகிராம் என்பேன். லேபிளும் குறித்த பாதையும் இருப்பதால் சுற்று என்று என் நண்பர் ஒருவர் இன்னும் வாதாடுகிறார்.

கேள்வி: டிசிபி இணைப்பு என்பதால் இணையம் சுற்று வலை...

பதில்: எந்த அடுக்கில்? மேலே போய்ப் படியுங்கள்.