ஆறு அலகு கூடியதற்கு பில் இரட்டிப்பாகுமா?

கேள்வி: போன மாதம் 58 அலகு, கரண்ட் பில் 583 ரூபா. இந்த மாதம் 64 அலகு, பில் 1,270 ரூபா. ஆறு அலகுக்கு இவ்வளவு கூடுமா? மீட்டரில் பிழையா? (வவுனியா வாசகி)

பதில்: மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் பில்லில் உள்ள இரண்டு திகதிகளைப் பாருங்கள் அக்கா. முன்னைய வாசிப்புக்கும் இந்த வாசிப்புக்கும் இடையில் எத்தனை நாள்? உங்கள் பில் சரியா பிழையா என்பது அதில்தான் இருக்கிறது.

வீட்டுப் பாவனைக்கு இரண்டு வேறு மின் கட்டண அட்டவணைகள் இருக்கின்றன. 2025 ஜூன் 12 முதல் வந்த கட்டணத்தில், மாதம் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகு 4.50 ரூபா, அடுத்த 30 அலகு 8 ரூபா. 60ஐத் தாண்டினால் அந்த மலிவு விலை முழுதும் போய்விடும். முதல் அலகிலிருந்தே 12.75 ரூபா, 61 முதல் 90 வரை 18.50 ரூபா. நிலையான கட்டணமும் 210இலிருந்து 400 ஆகும். பலரும் கடைசி நாலு அலகுக்குத்தான் விலை கூடும் என்று நினைக்கிறார்கள். அடி விழுவது முதல் அறுபதில்.

உங்கள் 58 அலகு: 30க்கு 135, மீதி 28க்கு 224, நிலையான கட்டணம் 210. மொத்தம் 569. சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரிக்காக இதை 0.975ஆல் வகுத்து, சதங்களை விட்டால் 583. இனி 64 அலகு: 60க்கு 765, நாலுக்கு 74, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,239, வரியோடு 1,270. ஆகவே 30 நாள் பில் என்றால், மனம் நொந்தாலும் கணக்கு சரி.

ஆனால் மீட்டர் பார்ப்பவர் பிந்தி வந்து 33 நாளாகியிருந்தால் கதை வேறு. எல்லைகள் நாளுக்கேற்ப விரியும்: 60 அலகு என்பது நாளொன்றுக்கு 2, அதாவது 33 நாளுக்கு 66. உங்கள் 64 அதற்குள் நிற்கிறது. அப்போது 33 அலகு 4.50 ரூபாப்படி 148.50, மீதி 31 அலகு 8 ரூபாப்படி 248, நிலையான கட்டணம் 210. வரியோடு ஏறக்குறைய 622 ரூபாதான் வரவேண்டும். 1,270 போட்டிருந்தால் அது பிழை. பில்லையும் மீட்டர் படத்தையும் கொண்டு உங்கள் பகுதி மின் அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 1987க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அப்புறம், வாசிப்பு எடுத்த அன்று மீட்டர் எண்ணைச் சமையலறைக் கலண்டரில் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். 25ஆம் நாள் மறுபடி பார்க்கும்போது 50ஐத் தாண்டியிருந்தால் மீதி ஐந்து நாளும் அயன் பெட்டியை எடுக்காமல் விடலாம். ஆயிரம் வாட் அயன் ஒரு மணிநேரம் ஓடினால் ஓர் அலகு.