கையசைத்தால் கால் ஏன் நிற்கிறது?

"பிளெண்டரில் ஒரு பாத்திரத்துக்கு நடையையும் கையசைப்பையும் தனித்தனி ஆக்‌ஷனாகச் செய்தேன். அசைவுகளை அடுக்கும் என்எல்ஏ எடிட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் விறைத்து நின்றுவிடுகின்றன. கையசைத்து முடித்த பிறகும் கை இறங்கவில்லை. இதற்கென்று தனி ஆட்-ஆன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதே போதும். கோளாறு கையசைப்பு ஆக்‌ஷனுக்குள் இருக்கிறது. கையை மட்டும் அசைத்திருப்பீர்கள், ஆனால் எல்லா எலும்புகளையும் தேர்வு செய்த நிலையில் கீ போட்டிருப்பீர்கள். அதனால் அசையாத கால்களும் அந்த ஆக்‌ஷனில் பதிவாகிவிட்டன. என்எல்ஏ டிராக்குகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறது. மேலே Replace முறையில் இருக்கும் ஸ்ட்ரிப், தன்னிடம் கீ உள்ள எலும்புகளில் மட்டும் கீழிருப்பதை அழித்துத் தன்னுடையதை வைக்கும். கீ இல்லாத எலும்பை அது தொடுவதே இல்லை. சந்தேகமிருந்தால் கையசைப்பு டிராக்கின் டிக்கை எடுத்துப் பாருங்கள். கால்கள் உடனே நடக்கத் தொடங்கும்.

களையெடுப்பது எளிது. கையசைப்பு இன்னும் டிராக்காக இறங்காமல் உச்சியில் தனி வரிசையாக நின்றால், முதலில் Push Down செய்யுங்கள். பிறகு அந்த ஸ்ட்ரிப்பைத் தேர்வு செய்து Tab அழுத்தினால் அது பச்சையாகும். ஆக்‌ஷன் திருத்தத்துக்குத் திறந்துவிட்டது என்று பொருள். போஸ் முறையில் வலது கை எலும்புகளைத் தேர்ந்தெடுத்து Ctrl+I அழுத்துங்கள். இப்போது கை தவிர மற்றவை தேர்வாகும். Action Editor தேர்வான எலும்புகளை மட்டும் காட்டும்படி வைத்தால், அங்கே தெரிவதெல்லாம் வேண்டாத சேனல்கள். மவுஸை இடப்பக்கப் பெயர்ப் பட்டியலின் மேல் வைத்து A, பிறகு X. மவுஸ் வலப்பக்கம் இருந்தால் சேனலுக்குப் பதிலாகக் கீஃபிரேம்கள்தான் அழியும். முடிந்ததும் மறக்காமல் மீண்டும் Tab.

கை இறங்காததற்குக் காரணம் ஸ்ட்ரிப்பின் Extrapolation அமைப்பில் உள்ள Hold. புதிய டிராக்கில் முதலில் வைக்கும் ஸ்ட்ரிப்புக்குப் பிளெண்டர் தானாகவே Hold போட்டுவிடுகிறது. அது ஸ்ட்ரிப் முடிந்த பின் மட்டுமல்ல, தொடங்கும் முன்னரும் கையைப் பிடித்து வைத்திருக்கும். அடுக்குவதற்கென்றே உள்ள ஒரு கருவியில் இதை ஏன் முதல் தேர்வாக வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. Extrapolation-ஐ Nothing என்று மாற்றுங்கள்.

உங்கள் நடை 1 முதல் 25 வரை, இரு முனைகளிலும் ஒரே போஸ் என்று வைத்துக்கொள்வோம். Repeat 4 கொடுத்தால் அது 97-ஆம் ஃபிரேம் வரை ஓடும். முனையிலுள்ள ஃபிரேம் இருமுறை வருமோ என்று பயந்து 25-ஐ வெட்ட வேண்டாம். நடை நின்ற இடத்திலேயே நடப்பதாக இருக்க வேண்டும். முன்னேறும் நடையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் துள்ளும். கையசைப்பை 40-இல் தொடங்கி 70-இல் முடித்து, Blend In, Blend Out இரண்டுக்கும் 6 கொடுங்கள். வீச்சிலிருந்த கை ஆறு ஃபிரேமில் எழும்பி, அதே போல வீச்சுக்குத் திரும்பும். இன்னொரு கையசைப்பு வேண்டுமென்றால் அதே ஆக்‌ஷனை மீண்டும் ஒரு ஸ்ட்ரிப்பாகச் சேருங்கள். ஆனால் ஒன்றைத் திருத்தினால் இரண்டும் மாறும்.

ஓரிடத்தில் மட்டும் Replace உதவாது. கையசைக்கும்போது முதுகும் சற்றுச் சாய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகை நடையும் ஆட்டுகிறது. அங்கே Replace போட்டால் நடையின் ஆட்டம் செத்துவிடும். முதுகைத் தனி ஆக்‌ஷனாக்கி, மேல் டிராக்கில் Combine போடுங்கள். Add வேண்டாம். அது சுழற்சியைக் குறிக்கும் குவாட்டர்னியன் எண்களை வெறும் எண்களாகக் கூட்டுவதால் சுழற்சி தப்பாகும். Combine-இல் நீங்கள் பதிய வேண்டியது வித்தியாசத்தை மட்டும். நடையில் முதுகு 10 பாகை முன்னால் வளைந்திருக்கிறது, உங்களுக்கு அதே திசையில் 15 வேண்டும் என்றால், ஓய்வுப் போஸிலிருந்து 5 பாகைதான் கீ போட வேண்டும். நடைப் போஸை நகலெடுத்து 15 பதிந்தால் 25 ஆகி, பாத்திரம் கூனிப்போகும்.

இனி அந்த ஆட்-ஆன்காரர்கள். இவர்களில் பலர் ஆக்‌ஷன் தொகுப்பும் விற்கிறார்கள், "எந்த ரிக்குக்கும் பொருந்தும்" என்று விளம்பரம் வேறு. ஆக்‌ஷன் எலும்பின் பெயரைக் கொண்டுதான் வேலை செய்கிறது. உங்கள் ரிக்கில் அந்தப் பெயர் இல்லையென்றால் ஒன்றும் அசையாது. பெயர் பொருந்தினாலும் பல தொகுப்புகளில் ஒவ்வோர் எலும்பிலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ இருக்கும். அதாவது நீங்கள் இப்போது களைந்த அதே கோளாறைக் காசு கொடுத்து வாங்குவீர்கள். பணம் தரும் முன் எலும்புப் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நீங்கள் 4.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஆக்‌ஷனுக்குள் இப்போது எந்தப் பொருளை அசைப்பது என்று குறிக்கும் ஸ்லாட் ஒன்று வந்திருக்கிறது. ஸ்ட்ரிப்பின் பக்கப்பட்டையில் ஸ்லாட் காலியாக இருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அது எதையும் அசைக்காது. பழைய பயிற்சிக் காணொளிகளில் இது இருக்காது.