சீழ்க்கையில் எதைப் பேசலாம், எது தொலைந்துவிடும்: வாசகர் கேள்விகளுக்குச் சில விடைகள்

ஸ்பெயினுக்கு உரிய கனேரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவிலும், துருக்கியின் கருங்கடற்கரை மலைகளில் உள்ள குஷ்கோய் கிராமத்திலும் மக்கள் பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் இருப்பவர்களோடு சீழ்க்கையிலேயே உரையாடுகிறார்கள். அதைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளுக்குச் சேர்த்தே விடை தந்துள்ளேன்.

எங்கள் வட்டையில் இரவுக் காவலுக்கு இருப்பவர்கள் பரணிலிருந்து விசிலடித்துத்தான் யானை வருவதை அறிவிப்பார்கள். அதுவும் சீழ்க்கை மொழிதானே? (வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி)

அது மொழியன்று, குறிப்பொலி. உங்கள் காவற்காரர்களுக்கு மூன்று நீண்ட விசில் என்றால் யானை, ஒரு குறுகிய விசில் என்றால் 'இங்கே இருக்கிறேன்' என்று ஏற்கெனவே ஓர் உடன்பாடு இருக்கலாம். அந்த உடன்பாட்டில் இல்லாத செய்தியை, எடுத்துக்காட்டாக 'மேற்கு வரம்பு உடைந்துவிட்டது, மண்வெட்டி கொண்டு வா' என்பதை, அவர்களால் விசிலில் சொல்ல முடியாது. லா கொமேராவின் இடையரோ அதுவரை யாரும் சொல்லியிராத ஒரு வாக்கியத்தையும் அடுத்த மலைச்சரிவுக்கு அனுப்புவார், கேட்பவரும் அதை ஸ்பானிய வாக்கியமாகவே விளங்கிக்கொள்வார். அவர் சீழ்க்கைக்கென்று தனியாக ஒரு சொற்றொகுதியைக் கற்கவில்லை. பேசும் ஸ்பானிய மொழியின் ஒலிகளைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் சீழ்க்கைக்கு மாற்றுகிறார். அங்கே 'சில்போ' என்று அழைக்கப்படும் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டில் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உரத்துக் கூப்பிட்டால் போதாதா? சீழ்க்கை மட்டும் ஏன் அவ்வளவு தூரம் போகிறது? (களுவாஞ்சிக்குடி, இதே கேள்வியைத் திருக்கோவிலிலிருந்தும் ஒருவர் கேட்டுள்ளார்)

கத்தும்போது நமது குரலின் சக்தி பல மீடிறன்களில் சிதறிப் பரவுகிறது. சீழ்க்கையில் அந்தச் சக்தி முழுவதும் ஒரு நேரத்தில் ஏறத்தாழ ஒரே மீடிறனில் குவிந்துவிடுகிறது. அந்த மீடிறனும் பெரும்பாலும் 1000க்கும் 4000க்கும் இடைப்பட்ட ஹேர்ட்ஸ் பகுதியில் அமைகிறது. காற்று, அருவி, கடல் ஆகியவற்றின் இரைச்சலில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதாலும், மனிதச் செவி அப்பகுதியில்தான் மிகவும் கூர்மையாக இருப்பதாலும், உரத்த குரலின் சொற்கள் சில நூறு மீற்றரில் கரைந்துபோகும் இடத்தில் நல்ல சீழ்க்கை ஒன்றிரண்டு கிலோமீற்றர் கடந்தும் சொல்லாகவே போய்ச் சேருகிறது.

தரையமைப்பும் இதில் பங்கெடுக்கிறது. பள்ளத்தாக்கின் இரு சரிவுகளில் எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடையே வெறும் காற்றுவெளி மட்டுமே உள்ளது, ஒலியை விழுங்கும் தரையோ பயிரோ குறுக்கே இல்லை. நமது சமதரை வயலில் ஒலி நெற்பயிரை உரசிக்கொண்டே போக வேண்டும். பகல் வெயிலில் சூடேறிய தரை அதை மேல்நோக்கி வளைத்தும் விடும். விடியற்காலையில் நிலைமை தலைகீழாக இருக்கும். குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் காற்று அடுக்கு அடுக்காக நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைவதால்தான், வாவியின் மறுகரையில் தோணிக்காரர் பேசும் பேச்சு படுவான்கரையில் நிற்பவருக்கும் கேட்கிறது. அந்த நேரத்தில் மட்டும் வாவியும் ஒரு பள்ளத்தாக்குக்கு நிகராகிவிடுகிறது என்பேன்.

குரலே இல்லாத வெறும் ஊதலில் எழுத்துகள் எப்படி இருக்க முடியும்? தமிழைச் சீழ்க்கையில் சொன்னால் விளங்குமா? (அக்கரைப்பற்று ஆசிரியை ஒருவர்)

வந்த கேள்விகளில் விரிவான விடைக்கு உரியது இதுவே.

நாம் பேசும்போது குரல்நாண்கள் ஒலியை எழுப்ப, நாக்கும் உதடும் வாய்க்குழியின் வடிவத்தை மாற்றி அந்த ஒலிக்குச் சாயல் தருகின்றன. சீழ்க்கையில் குரல்நாண்கள் வேலை செய்வதில்லை. விரலை மடித்து வாயில் வைத்து ஊதும்போது எழும் ஒரே ஒலியின் சுருதியை, வாய்க்குள் நாக்கு இருக்கும் நிலைதான் தீர்மானிக்கிறது. நாக்கு முன்னால் உயர்ந்து நிற்கும் 'இ'க்குச் சுருதி மிக உயர்ந்திருக்கும், 'எ' அதற்குச் சற்றுக் கீழே, 'அ' நடுவில், 'ஒ', 'உ' அடியில். சாதாரணப் பேச்சிலும் வாய்க்குழியின் இரண்டாம் பரிவு மீடிறன் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறி இறங்குகிறது. பேச்சின் மற்றெல்லாவற்றையும் உதறிவிட்டு இந்த ஒரு கோட்டை மட்டும் வரைந்து காட்டுவதே சீழ்க்கை. ஸ்பானிய மொழியின் ஐந்து உயிர்களில் எத்தனை பிரித்தறியப்படுகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1978இல் விரிவாக ஆராய்ந்த ரமோன் துருஹியோ, உயர்ந்தது, தாழ்ந்தது என இரண்டு வகைகளே உறுதியாகத் தேறும் என்றார். பிந்திய ஒலியளவைகள் அதைவிடக் கூடுதலான வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஆனால் 'ஒ'வும் 'உ'வும் ஒன்றையொன்று மூடிக்கொள்வதை அவையும் ஒப்புக்கொள்கின்றன.

மெய்யெழுத்து தனியாக ஊதப்படுவதில்லை. அது இரு உயிர்களுக்கு இடையே சுருதி எப்படி வளைகிறது, எங்கே அறுகிறது என்பதாகவே கேட்கும். துருஹியோவின் பகுப்பில் கேள்விகள் இரண்டே: வளைவு மேலே போகிறதா, கீழே போகிறதா? ஒலி தொடர்கிறதா, இடையில் அறுகிறதா? த, ச போன்றவை மேலே வளைந்து அறுவன. க, ப கீழே வளைந்து அறுவன. ந, ல, ர மேலே வளைந்தும் அறாமல் தொடர்வன. ம, வ கீழே வளைந்து தொடர்வன. ஆக மெய்கள் அனைத்தும் நான்கு பெட்டிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த விதியை நமது பேச்சின் மேல் பொருத்திப் பார்ப்போம். இது என்னுடைய பொருத்தம்தானே தவிர, கொமேராவில் எவரும் தமிழை ஊதிப் பார்த்த பதிவன்று. தூரத்து வயலிலிருந்து ஒருவர் 'தண்ணி வருகுது' என்று ஊதுகிறார் என்று கொள்ளுங்கள். 'த' சுருதியை மேலிருந்து கொண்டுவந்து 'அ'வில் விடும், 'ண்ண்' அறாமல் நீளும், 'இ' உச்சிக்குப் போகும். அவரே 'பண்டி வருகுது' என்று ஊதினால் தொடக்கம் கீழிருந்து எழும், நடுவில் 'ட' இருப்பதால் ஒலி ஒரு கணம் அறும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. பண்டி வயலுக்குள் இறங்கும் நேரத்தில் அது ஆறுதலான செய்திதான்! ஆனால் 'பண்டி'யும் 'கண்டி'யும்? ப, க இரண்டும் ஒரே பெட்டி, எஞ்சிய ஒலிகளும் ஒன்றே. இரண்டு சொற்களும் செவிக்கு ஒரே கோடாகவே வந்து சேரும். ஆயினும் 'கண்டி வருகுது' என்று நள்ளிரவில் யாரும் வயலிலிருந்து அறிவிக்கப் போவதில்லை என்பதால், கேட்பவர் தடுமாறமாட்டார். கொமேராவிலும் இப்படித்தான். தனிச் சொல்லாகக் கேட்டால் ஐயம் எழும் இடத்தில் வாக்கியமும் சூழலும் அதைத் தீர்த்துவிடுகின்றன.

தமிழ் அதிகமாக இழப்பது ல, ள, ழ வேறுபாட்டையும் ந, ன, ண வேறுபாட்டையுமே. 'வலி', 'வளி', 'வழி' மூன்றும் ஒன்றாகிவிடும். மறுபுறம் இரட்டித்த மெய் நன்றாகத் தப்பிக்கும் என்பது என் எண்ணம். 'பாடு' என்பதில் வருடிச் செல்லும் 'ட' ஒலியைத் தொடரவிடும், 'பாட்டு' என்பதில் தெளிவான இடைவெளி விழும். இடைவெளி என்பது நீண்ட தூரத்துக்கும் சிதையாத அடையாளம். குறில், நெடில் மட்டும் சிக்கலானது. சீழ்க்கையில் பேசுபவர்கள் தூரத்தை எண்ணி உயிர்களை இழுத்து ஊதுவது வழக்கம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இழுக்கத் தெரிந்தவரின் வாயில்தான் 'பட்டு' வேறு, 'பாட்டு' வேறாக நிற்கும்.

விரல் வாயில் இருக்கும்போது உதடு மூடாதே, 'ப', 'ம' எப்படி வரும்? (கல்முனை மாணவர்)

நல்ல கேள்வி. உதடு மூடுவதில்லை. சுருதியைக் கீழே இறக்கி, வேண்டிய இடத்தில் ஊதலை நிறுத்தி, உதட்டொலியின் சாயலை மட்டும் தருகிறார்கள். 'ப'வும் 'க'வும் ஒன்றாகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீன மொழி போல, சுருதி மாறினால் பொருளும் மாறும் மொழிகளில் என்ன நடக்கும்? (மட்டக்களப்பு நகரம்)

அங்கே தெரிவே வேறு. அத்தகைய மொழிகளில் சொல்லின் பொருளைச் சுமப்பதில் குரலின் சுருதிக்குப் பெரும் பங்கு இருப்பதால், சீழ்க்கை அந்தச் சுருதியையே பின்பற்றி, உயிர், மெய்ச் சாயல்களைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்து மசாதெக் மக்களிடையே இதைக் கவனித்த ஜோர்ஜ் கோவன் 1948இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் முதன்மையானது. அங்கே ஆண்கள் சீழ்க்கையிலேயே விலை பேசி முடிப்பதையும், பெண்கள் பொதுவாகச் சீழ்க்கையடிக்காவிட்டாலும் அதை முழுமையாக விளங்கிக்கொள்வதையும் அவர் பதிவுசெய்துள்ளார். ஒரே சுருதி வரிசையுடைய சொற்கள் பல இருப்பதால், அவர்களும் சூழலை நம்பியே பேசுகிறார்கள்.

கைத்தொலைபேசி வந்தபின் இவை எல்லாம் மிஞ்சியிருக்கின்றனவா? (பொத்துவில்)

இரண்டு இடங்களின் நிலை இரண்டு விதம். லா கொமேராவில் 1999ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளில் இது கட்டாயப் பாடம், ஆகவே இளையோரும் ஊதுகிறார்கள். குஷ்கோயின் வழக்கை யுனெஸ்கோ 2017இல் உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படுவனவற்றின் பட்டியலில் சேர்த்தது. கைத்தொலைபேசியின் பரவல் அதற்குச் சுட்டப்பட்ட முக்கிய காரணம்.

சீழ்க்கையில் கேள்வி கேட்க முடியுமா? குரலை உயர்த்தித்தானே கேள்வி கேட்கிறோம். (ஏறாவூர்)

ஸ்பானிய மொழியில் ஆம், இல்லை என்று விடை பெறும் கேள்வியை வெறும் கூற்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் குரலின் ஏற்றமே. சீழ்க்கையிலோ சுருதி முழுவதும் உயிர்களையும் மெய்களையும் காட்டுவதிலேயே செலவாகிவிடுவதால், அந்த ஏற்றத்துக்கு இடமில்லாமல் போகிறது. 'நீ வருகிறாய்', 'நீ வருகிறாயா' என்ற இரண்டையும் கொமேராக்காரர் உரையாடலின் போக்கிலிருந்துதான் பிரிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் கேள்வியை 'ஆ' என்ற ஈறு சுமக்கிறது, அதாவது ஒரு நெடில் உயிர், இறுதியில் நடுச்சுருதியில் நின்று நீளும் ஓர் ஒலி. ஆகவே இந்த ஓரிடத்தில் தமிழைச் சீழ்க்கையில் பேசுபவருக்கு ஸ்பானியரை விட வேலை எளிதாக இருக்கும்.