பட்டனை மறைத்த பிறகும் பில் ரத்தானது எப்படி? கேள்வி பதில்

மஞ்சக்குப்பம், கடலூர்: அக்கா, ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். கிளார்க் ஸ்க்ரீன்ல 'பில் ரத்து' பட்டனே வராது. ஆனா கிளார்க் ஐடியில ஒரு பில் ரத்தாகியிருக்கு. எப்படி?

பட்டன்தான் போனது, அதன் பின்னால் இருக்கும் கதவு திறந்தே இருக்கிறது தம்பி. ரத்து செய்யும் வேலை நடப்பது சர்வரில். அந்த முகவரிக்குக் கிளார்க்கின் லாகினோடு ஒரு கோரிக்கை போனால், அவருக்கு ரத்து செய்யும் அனுமதி இருக்கிறதா என்று உங்கள் சர்வர் கேட்பதில்லை. இதற்குப் பெரிய ஹேக்கர் தேவையில்லை. மேனேஜர் திறந்து வைத்த பக்கம் அதே பிரவுசரில் இன்னொரு டேபில் கிடந்து, பிறகு கிளார்க் லாகின் செய்து, அந்தப் பழைய பக்கத்தில் கை பட்டிருந்தாலே போதும்.

இப்படிச் சோதியுங்கள். மேனேஜராக ஒரு சோதனை பில்லை ரத்து செய்து, பிரவுசரின் Network பகுதியில் போன கோரிக்கையை `curl` ஆக நகலெடுங்கள். குக்கீயை மட்டும் கிளார்க்குடையதாக மாற்றி, வேறொரு சோதனை பில் எண்ணைப் போட்டு அனுப்புங்கள். `403` வர வேண்டும்.

அதே மஞ்சக்குப்பம்: அனுப்பிப் பாத்தேன் அக்கா. `200` வருது.

அப்படியானால் காரணம் அதுதான். சர்வரில் அனுமதிச் சோதனையைப் போட்ட கையோடு, கிளார்க்குக்குப் போகும் JSON பதிலையும் பிரித்துப் பாருங்கள். நானே ஒரு கடைக்குக் கொள்முதல் விலை நெடுவரிசையை ஸ்க்ரீனில் மறைத்துவிட்டு, `cost_price` பதிலில் போய்க்கொண்டிருந்ததை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்தேன். கிளார்க் பார்க்கக் கூடாதது அவர் கம்ப்யூட்டருக்குப் போகவே கூடாது.

நெல்லிக்குப்பம்: கிளார்க், மேனேஜர், ஓனர்னு மூணே ரோல்தானே மேடம்? சர்வர்ல `if user.role == "manager"` போட்டா முடிஞ்சுது.

சர்வரில் போடுவது சரி, ரோல் பெயரைக் கேட்பதில்தான் சிக்கல் வரும். ஆறு மாதம் கழித்து ஓனர், "அக்கவுண்டன்ட் ஒருத்தர் வர்றார், கொள்முதல் விலை பார்க்கட்டும், பில் ரத்து பண்ணக் கூடாது" என்பார். அப்போது அந்த `if` எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் தேட வேண்டும். ஒன்று விடுபட்டால் அதுவே ஓட்டை. கோட் செயலின் பெயரைக் கேட்கட்டும்: `bill.cancel`, `cost.view`. எந்த ரோலுக்கு எந்தச் செயல் என்பது டேபிளில் இருக்கட்டும். அக்கவுண்டன்ட் வந்தால் டேபிளில் சில வரிகள் சேர்ப்பதோடு சரி, கோட் பக்கமே போக வேண்டாம். ஸ்க்ரீனில் பட்டன் காட்டவும் இதே பட்டியலைப் பயன்படுத்துங்கள். அப்போது ஸ்க்ரீன் ஒன்று, சர்வர் ஒன்று என்று பேசாது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி: எங்களுக்குக் கடலூர்லயும் இங்கயும் கடை. கடலூர் மேனேஜர் எங்க கடை பில்லை ரத்து பண்ணிட்டார். அவர் மேனேஜர்தான், அனுமதியும் இருக்கு. அப்போ எங்க தப்பு?

என்ன செய்யலாம் என்பதை ரோல் சொல்லிவிட்டது. எந்தக் கடையில் செய்யலாம் என்பதை உங்கள் கோட் கேட்கவில்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஜிஎஸ்டி பதிவு மாநில வாரியாக என்பதால் கடலூர் கடையின் எண் 33 என்றும் உங்களுடையது 34 என்றும் தொடங்கும். அங்கே உட்கார்ந்து ரத்து செய்தது இங்கே உங்கள் ரிட்டர்ன் கணக்கை மாற்றுகிறது. பில்லைத் தேடும் இடத்திலேயே கிளையையும் சேர்த்துத் தேடுங்கள்:

```python
require(user, "bill.cancel")
bill = Bill.objects.filter(
    id=bill_id,
    branch_id__in=user.branch_ids(),
).first()
if bill is None:
    raise Http404
```

ஓனருக்கு `branch_ids()` இரண்டு கிளைகளையும் தரும், மேனேஜருக்கு ஒன்றை. அடுத்த கடை பில் எண்ணைத் தட்டினால் `404`தான், அப்படி ஒரு பில் இருப்பதே தெரிய வேண்டாம். ரிப்போர்ட், எக்செல் டவுன்லோடு இரண்டிலும் இதே வடிகட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அங்கேதான்.

பண்ருட்டி: எங்க கடையில எல்லாரும் ஓனர் பாஸ்வேர்டுலதான் பில் போடறோம். கூட்ட நேரத்துல மாத்தி மாத்தி லாகின் பண்ண முடியாது. எங்களுக்கு இதெல்லாம் தேவையாங்க?

உங்கள் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை கடையில் எல்லோருமே ஓனர்தான். ஒரு பில் ரத்தானால் செய்தது யார் என்று சொல்ல வழியே இல்லை. அவசரம் புரிகிறது. கவுன்டர் கம்ப்யூட்டரை முதலில் பதிவுசெய்துவிட்டு, ஆளுக்கு ஒரு நாலு இலக்க PIN கொடுங்கள். பில்லுக்கு முன் அதைத் தட்டினால் போதும். அந்த PIN அந்தக் கவுன்டரில் மட்டும், கிளார்க் வேலைக்கு மட்டும் செல்லட்டும், சில முறை தவறினால் பூட்டிக்கொள்ளட்டும். ஓனர் ஸ்க்ரீனுக்கு முழுப் பாஸ்வேர்டு வேண்டும்.

முத்தியால்பேட்டை: இன்னொண்ணு. மேனேஜர் தான் போட்ட பில்லைத் தானே ரத்து பண்ணலாமா?

போட்டவரும் ரத்து செய்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். `bill.created_by_id != user.id` என்று ஒரு சோதனை போதும்.

நெல்லிக்குப்பம்: ஒரே மேனேஜர் இருக்கற கடையில? ஓனர் ஊர்ல இல்லைன்னா கஸ்டமர் நின்னுட்டே இருப்பாரா?

நியாயமான கேள்வி. ஓனர் போனுக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும்படி ஒரு கடைக்குச் செய்தேன், மதியத் தூக்க நேரத்தில் எல்லாம் தேங்கியது. இன்னொரு கடையில், அன்றைய பில் என்றால் மேனேஜரே ரத்து செய்யலாம், காரணம் எழுத வேண்டும், இரவு ஓனருக்குப் பட்டியல் போகும் என்று வைத்திருக்கிறோம். பட்டியலை ஓனர் தினமும் திறந்து பார்க்கும் வரை அது நடக்கும். எல்லாக் கடைக்கும் பொருந்தும் வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.