சுயவிவரத்தில் தமிழ்ப் பதிப்பு: எது தமிழில், எது ஆங்கிலத்தில்?

கேள்வி: லிங்க்ட்இன்னில் என் சுயவிவரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழிலும் ஒன்று சேர்க்க ஆசை. எதைத் தமிழில் எழுதுவது, எதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது?

ஆள் தேர்வு செய்யும் வேலையில் இருக்கிறேன், நாள் முழுக்க மற்றவர்களின் சுயவிவரங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

எழுத உட்காருவதற்கு முன்னால், எந்தப் பதிப்பு யார் கண்ணில் படும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை நீங்கள் முடிவு செய்வதில்லை. பார்க்க வருபவர் தன் கணக்கை எந்த மொழித் திரையில் வைத்திருக்கிறாரோ, அந்த மொழியில் உங்களிடம் ஒரு பதிப்பு இருந்தால் அது அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் உங்கள் முதன்மை மொழிப் பதிப்புதான் தெரியும். தமிழர்களிலேயே பெரும்பாலோர் ஆங்கிலத் திரையில்தான் இருப்பார்கள். ஆகவே தமிழ்ப் பதிப்பு போட்டாயிற்று, இனி தமிழ் தெரிந்தவர்களெல்லாம் அதைத்தான் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். திரை மொழிகளின் பட்டியலும் சுயவிவர மொழிகளின் பட்டியலும் வேறு வேறு. இரண்டிலும் தமிழ் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். திரை மொழியில் தமிழ் இல்லாமல் சுயவிவர மொழியில் மட்டும் இருந்தால், வருபவர் உங்கள் பக்கத்தில் உள்ள மொழித் தேர்வை அவராகவே மாற்றினால்தான் தமிழ்ப் பதிப்பைக் காண முடியும்.

இன்னொன்று: முதன்மை மொழியைப் பின்னால் மாற்ற முடியாது. உங்களுடையது ஆங்கிலமாக இருப்பது நல்லதே, அப்படியே இருக்கட்டும்.

ஒரு உதாரணத்தோடு போனால் எளிதாக இருக்கும். என் தோழி ஒருத்தி உணவியல் வல்லுநர், நீரிழிவு, சிறுநீரக நோயாளிகளைப் பார்ப்பவள். மருத்துவமனைகள் அவளை வேலைக்குத் தேடும்போது ஆங்கிலத்தில் தேடுகின்றன. நோயாளிகளின் வீட்டார் தமிழில் படிக்கிறார்கள். அவளுடைய தமிழ்ப் பதிப்பை இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். அப்போது நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: தேடுபவர் தட்டச்சு செய்வதும், ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஒருவர் படித்துப் பார்த்து 'இவரிடம் போகலாமா' என்று முடிவெடுக்க உதவுவது தமிழில் இருக்க வேண்டும்.

பெயரில் ஆரம்பிக்கலாம். ஆங்கிலப் பதிப்பில் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. தமிழில் உங்களை அறிந்தவர்கள் எழுதுகிறபடி. சிக்கல் தலைப்பெழுத்தில்தான் வரும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. தலைப்பெழுத்தைக் கடைசிப் பெட்டியில் போட்டால் 'செல்வி கு.' என்று தலைகீழாக வந்து நிற்கும். முதல் பெட்டியில் 'கு.' என்று போட்டு அடுத்ததில் பெயரைப் போடுவதே பார்க்கச் சரியாக இருக்கிறது. எதுவானாலும் மற்ற இடங்களில் நீங்கள் தமிழில் எழுதும் அதே வடிவமாக இருக்கட்டும். ஓரிடத்தில் 'கு.', இன்னோரிடத்தில் 'கே.' என்று இருந்தால் இருவரும் ஒருவரா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நிறுவனத்தின் பெயர், பட்டம், சான்றிதழ்: இவற்றைத் தொட வேண்டாம். நிறுவனத்தின் பெயரைத் தட்டும்போது வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால்தான் அந்த நிறுவனத்தின் பக்கத்தோடு இணைப்பு இருக்கும், சின்னமும் வரும். தமிழில் எழுதினால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும்.

தலைப்பு வரியில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே 220 எழுத்துகள்வரைதான் இடம். ஆனால் கணினி எண்ணும் விதம் வேறு. நம் கண்ணுக்கு 'நோயாளிகளுக்கான' என்பது 8 எழுத்து. கணினிக்கு அது 14, ஏனென்றால் துணைக்கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுகிறது. அதனால் ஆங்கிலத் தலைப்பு வரியில் கோடு போட்டுப் பிரித்து அடுக்கியிருக்கும் நாலைந்து விஷயங்களையும் தமிழில் கொண்டுவர முயல வேண்டாம். கைபேசித் திரையில் அதற்குள்ளாகவே வெட்டியும் விடும். தோழியின் வரி இப்படி வந்தது:

நீரிழிவு, சிறுநீரக நோயாளிகளுக்கான உணவு ஆலோசகர் | Clinical Dietitian

பதவியின் ஆங்கிலப் பெயரை வேண்டுமென்றேதான் கடைசியில் விட்டோம். தமிழ்ப் பதிப்பைப் பார்ப்பவரும் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்னொருவருக்குப் பரிந்துரைப்பார்.

சரி, இனி About பகுதி. உண்மையான வேலையே இங்கேதான் இருக்கிறது. அவள் முதலில் எழுதியது ஆங்கிலப் பத்தியின் நேர் வடிவம்: 'பல்துறைக் குழுக்களுடன் இணைந்து சான்று அடிப்படையிலான ஊட்டச்சத்துத் தலையீடுகளை வழங்குவதில் அனுபவம் வாய்ந்தவர்.' இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது என்று கவலையோடு வரும் ஒரு மகனுக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆங்கிலப் பதிப்பைப் படிப்பவர் அவளை வேலைக்கு எடுக்கப் போகிறவர், தமிழ்ப் பதிப்பைப் படிப்பவர் அவளிடம் வரப் போகிறவர். அதனால் ஆங்கிலத்தில் இருந்ததை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக எழுதினோம்:

'நீரிழிவோடு சிறுநீரகப் பாதிப்பும் இருப்பவர்களுக்கு என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று திட்டம் வகுத்துத் தருகிறேன். முதல் முறை வரும்போது கடைசியாக எடுத்த HbA1c, Creatinine, Potassium முடிவுகளைக் கொண்டு வாருங்கள். மருந்தை நான் மாற்றுவதில்லை, அது உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வது.'

சோதனைகளின் பெயர்களுக்குத் தனித்தமிழ் தேடவில்லை. ஆய்வகத் தாளில் வீட்டார் எந்தப் பெயரைப் பார்க்கிறார்களோ அதே பெயர் இங்கேயும் இருந்தால்தான் சரியான தாளை எடுத்து வருவார்கள். உங்கள் துறை எதுவாக இருந்தாலும் இப்படித்தான் முடிவெடுப்பேன்: படிப்பவர் அந்தச் சொல்லை வேறெங்கே பார்த்திருப்பார், எந்த வடிவத்தில்?

பணி அனுபவப் பகுதியில் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டியதில்லை. இப்போதைய வேலைக்கு மட்டும் இரண்டு மூன்று வரி தமிழில் போதும். பழைய வேலைகளுக்குப் பதவியும் ஆண்டும் இருந்தால் போதும், விளக்கம் ஆங்கிலப் பதிப்பில் இருக்கட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பதிப்பில் நீங்கள் திருத்தி எழுதும் வரிகளைத் தளம் தானாக மற்றதில் மொழிபெயர்த்துப் போடாது. தமிழ்ப் பதிப்பில் எவ்வளவு எழுதுகிறீர்களோ, அவ்வளவையும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கையால் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் புதிய பதவி, தமிழில் பழைய பதவி என்று இருக்கும் சுயவிவரத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது 'இதில் எது உண்மை' என்பதுதான். அந்தக் கேள்வி வந்தபின் மற்ற வரிகளை நம்பிப் படிக்க மனம் வராது.

சுயவிவர மொழிகளின் பட்டியலில் தமிழே இல்லாவிட்டால் ஆங்கில About பகுதியின் முடிவில் ஒரு தமிழ்ப் பத்தி சேர்த்துவிடுங்கள். அதற்கு 2,600 எழுத்துகள்வரை இடமுண்டு. தொடக்கத்தில் போட வேண்டாம், ஏனென்றால் விரித்துப் பார்க்காமல் தெரிவது முதல் சில வரிகள்தான், அவை ஆங்கிலத்தில் தேடி வருபவருக்கானவை. தமிழ்ப் பத்தி இருப்பதை அந்த முதல் வரிகளிலேயே ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடராகச் சொல்லிவிடுங்கள்.

பதிப்பைச் சேர்ப்பது எளிது. கணினியில் உங்கள் சுயவிவரப் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் Profile language என்று இருக்கும், அங்கே புது மொழியைச் சேர்க்கலாம். சேர்த்து முடித்ததும் வேறொருவர் கணக்கிலிருந்து இரண்டு பதிப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திருத்தாமல் விட்ட ஆங்கில வரிகள் நடுநடுவே தலைகாட்டுவது உங்கள் கணக்கிலிருந்து பார்ப்பதைவிட அங்கே சட்டென்று கண்ணில் படும்.